நீண்ட விளம்பர உரையா, ஒற்றை வரியா: எதை எப்போது எழுதுவது?

ஒரு விளம்பரம் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பதை, அதைப் படிப்பவரின் மனத்தில் பதில் கிடைக்காமல் நிற்கும் கேள்விகள்தான் முடிவு செய்கின்றன. வாங்குவதற்கு முன் அவருக்கு ஏழு ஐயங்கள் இருந்தால் ஏழுக்கும் பதில் சொல்லும் இடம் வேண்டும். ஓர் ஐயமும் இல்லாதவரிடம் பத்தி பத்தியாகப் பேசினால், வாங்க வந்தவரை வாசலில் நிறுத்தி வைத்தது போலாகிவிடும். விளம்பர எழுத்துக்குப் புதிதாக வருபவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், "யாரும் இப்போது படிப்பதில்லை" என்று ஒரு பக்கமும், "விரிவாகச் சொன்னால்தான் விற்கும்" என்று மறுபக்கமும் கேட்கும் குரல்களுக்கு நடுவே குழம்பி நிற்க வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒரு பொருளுக்கு நீண்ட உரை தேவையா, முழக்க வரி போதுமா என்று எப்படித் தீர்மானிப்பது, நீண்ட உரை தேவை என்றால் அதை எப்படிக் கட்டுவது, எழுதியது பலித்ததா என்று எப்படி அறிவது என்பதே அது.

முதல் படி: விளம்பரம் என்ன செய்யச் சொல்கிறது என்று எழுதி வையுங்கள்

எழுதத் தொடங்கும் முன், படித்து முடித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "இப்போதே பணம் செலுத்தி வாங்க வேண்டும்" என்பது ஒரு வகை. "பின்னொரு நாள் கடைக்குப் போகும்போது நம் பெயர் நினைவுக்கு வர வேண்டும்" என்பது வேறு வகை. இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதை மறப்பதால்தான் பெரும்பாலான விவாதங்கள் வீணாகின்றன.

முழக்க வரி நினைவில் தங்குவதற்காகப் பிறந்தது. 1988-இல் வெளிவந்த நைக்கியின் 'ஜஸ்ட் டூ இட்' என்ற மூன்று சொற்களில் காலணியைப் பற்றி ஒரு தகவல்கூட இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. காலணி கடையில் இருக்கிறது. வாங்குபவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறார், காலில் போட்டு நடக்கிறார், விற்பனையாளரிடம் கேட்கிறார். அவருடைய கேள்விகளுக்கெல்லாம் வேறோர் இடத்தில் பதில் கிடைத்துவிடுவதால், விளம்பரம் அந்த இடம் வரை அவரை ஒரு மனநிலையோடு கொண்டு சேர்த்தால் போதும்.

இப்போதே முடிவெடுக்கச் சொல்லும் விளம்பரத்திற்கு அந்த வசதி இல்லை. அங்கே கடையும் விற்பனையாளரும் தொட்டுப் பார்க்கும் பொருளும் எல்லாமே அந்த உரைதான். அஞ்சல் வழி விற்பனையில் வளர்ந்த, காப்பிரைட்டர்கள் எனப்படும் பழைய விளம்பர எழுத்தாளர்கள் நீண்ட உரையை விட்டுக்கொடுக்காமல் இருந்ததற்குக் காரணம் இதுவே. அவர்கள் ஒவ்வொரு விளம்பரத்தின் கூப்பனிலும் ஒரு குறியீட்டை அச்சிட்டு, எந்த விளம்பரத்திலிருந்து எத்தனை கூப்பன்கள் திரும்பி வந்தன என்று எண்ணினார்கள். எண்ணிப் பார்த்துத்தான் நீளமாக எழுதினார்கள்.

இரண்டாம் படி: வாங்குபவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று பாருங்கள்

யூஜின் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கக் காப்பிரைட்டர், வாங்குபவரின் அறிதலை ஐந்து நிலைகளாக 1966-இல் பிரித்துக் காட்டினார். தனக்கு ஒரு பிரச்சினை இருப்பதையே உணராதவர் ஒரு முனையில் இருக்கிறார். பிரச்சினையை உணர்ந்தவர், தீர்வு ஒன்று உண்டு என்று அறிந்தவர், உங்கள் பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டவர் என்று வரிசை நகர்கிறது. மறுமுனையில், பொருளை நன்றாக அறிந்து, விலை மட்டும் தெரிந்தால் வாங்கிவிடத் தயாராக இருப்பவர் இருக்கிறார்.

இந்தக் கடைசி மனிதருக்கு நீண்ட உரை எழுதுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. ஏற்கெனவே இரண்டு முறை வாங்கி, இப்போது மூன்றாம் முறைக்கு வந்திருக்கும் வாடிக்கையாளருக்குப் பொருளின் பெயர், விலை, எப்போது வந்து சேரும் என்ற மூன்று தகவல்கள் போதும். அவரிடம் பொருளின் கதையை மறுபடி சொன்னால், 'வாங்கு' என்ற பொத்தான் எங்கே என்று அவர் தேடிக்கொண்டிருப்பார்.

முதல் முனையில் இருப்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். பிரச்சினையையே உணராதவர், அந்தப் பிரச்சினைக்கான தீர்வைப் பற்றிய நீண்ட உரையைத் தொடவே மாட்டார். அவரை நிறுத்துவதற்கு வலுவான தலைப்பு வேண்டும். தலைப்பு அவரை நிறுத்திய பிறகு, பிரச்சினையிலிருந்து பொருள் வரை நடத்திச் செல்ல வேண்டியிருப்பதால் உரை மிகவும் நீளும். நடுவில் நிற்கும் மூவருக்குத்தான் நீண்ட உரை நிச்சயமான பலனைத் தரும். அவர்களுக்குத் தேவையும் இருக்கிறது, தயக்கமும் இருக்கிறது.

தயக்கத்தின் அளவு, தவறாக வாங்கினால் எவ்வளவு இழப்பு என்பதைப் பொறுத்தது. பெட்டி, காசியோப்போ, ஷூமன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1983-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு சவரக் கத்தியின் விளம்பரத்தை இரண்டு குழுக்களிடம் காட்டினார்கள். ஒரு குழுவிடம், ஆய்வு முடிந்ததும் சவரக் கத்திகளில் ஒன்றைப் பரிசாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். மற்றக் குழுவுக்குச் சவரக் கத்தியைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. தேர்ந்தெடுக்க வேண்டியவர்களிடம், விளம்பரத்தில் இருந்த காரணங்கள் வலுவானவையா பலவீனமானவையா என்பது பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தியது. தேர்ந்தெடுக்கத் தேவையில்லாதவர்களிடம் காரணங்களின் வலிமை அந்த அளவுக்கு எடுபடவில்லை. விளம்பரத்தில் புகழ்பெற்றவர் முகம் இருந்ததா என்பதே அவர்களிடம் வேலை செய்தது. பொருள் ஒன்றுதான், விளம்பரமும் ஒன்றுதான். முடிவெடுக்கும் பொறுப்பு யாருக்கு இருந்ததோ அவர்கள் காரணங்களைத் தேடினார்கள்.

ஆகவே "இது சின்னப் பொருள், இதற்கு எதற்கு நீண்ட உரை?" என்று பொருளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிறிய பொருளாக இருந்தாலும், குழந்தையின் உடலில் படுவது என்றால் தாய் ஒவ்வொரு வரியையும் படிப்பார்.

மூன்றாம் படி: கேள்விகளைச் சேகரித்து எண்ணுங்கள்

இதுவே இந்த வழிகாட்டியின் மையம். இதற்குச் செலவிடும் நேரம் எழுதும் நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். நாள் முழுவதும் மேசை முன் அமர்ந்து வேலை செய்பவர்களுக்கான ஒரு நாற்காலி இணையத்தில் மட்டும் விற்கப்படுகிறது. சாதாரண நாற்காலியைவிட அதன் விலை மூன்று மடங்கு. பிடிக்காவிட்டால் 30 நாள்களுக்குள் திருப்பி அனுப்பலாம். தற்போதைய விற்பனைப் பக்கத்தில் ஓர் அழகான படமும், 'நாள் முழுவதும் சுகம்' என்ற முழக்க வரியும், அதன் கீழே 'உறுதியான', 'நவீனமான', 'தரமான' என்ற பெயரடைகளும் மட்டுமே உள்ளன. பக்கத்தைப் பார்ப்பவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் வாங்குகிறார்கள்.

இங்கே கேள்விகளைக் கற்பனையில் உருவாக்கக் கூடாது. அவை ஏற்கெனவே எங்கெங்கோ எழுதப்பட்டும் பேசப்பட்டும் கிடக்கின்றன. வாடிக்கையாளர் சேவைக்கு வந்த கடிதங்களை முதலில் படியுங்கள். அடுத்ததாக, திருப்பி அனுப்பியவர்கள் எழுதிய காரணங்களைப் படியுங்கள். இவை மற்ற எல்லாவற்றையும்விட மதிப்புள்ளவை, ஏனென்றால் ஒவ்வொன்றும் வாங்குவதற்கு முன் பதில் கிடைக்காமல் போன ஒரு கேள்வி. பிறகு போட்டியாளர்களின் பொருள்களுக்கு வந்த மூன்று நட்சத்திர மதிப்புரைகளைப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் மகிழ்ச்சியில் எழுதுகிறார், ஒன்று கொடுத்தவர் கோபத்தில் எழுதுகிறார். மூன்று கொடுத்தவரோ எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று நிதானமாகச் சொல்கிறார். இவற்றோடு, தொலைபேசியில் பதில் சொல்லும் ஊழியரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அழைப்பவர் எந்த இடத்தில் தயங்குகிறார் என்று கேளுங்கள்.

நம் நாற்காலிக்கு இப்படித் தேடினால் கிடைக்கும் கேள்விகள் ஏறத்தாழ இவை: என் உயரத்திற்கு இது பொருந்துமா? கைப்பிடி என் மேசைக்கு அடியில் நுழையுமா? முதுகுப் பக்க வலைத்துணி ஓராண்டில் தொய்ந்துவிடுமா? நானே பொருத்திக்கொள்ள முடியுமா? ஏற்கெனவே முதுகுவலி இருக்கிறது, இதனால் குறையுமா? இவ்வளவு பெரிய பெட்டியை நான் எப்படித் திருப்பி அனுப்புவேன்? ஏன் மூன்று மடங்கு விலை?

ஏழு கேள்விகள் இருக்கின்றன. தற்போதைய பக்கத்தில் இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. இங்கே நீண்ட உரை தேவை என்பது எழுதுபவரின் விருப்பம் சார்ந்த விஷயமாக இல்லாமல், எண்ணிச் சொல்லக்கூடிய ஒன்றாகிவிட்டது. உங்கள் மேலாளர் "சுருக்கமாக எழுதுங்கள்" என்று சொன்னால், இந்தப் பட்டியலை அவர் முன் வைத்து, எந்தக் கேள்வியை விட்டுவிடலாம் என்று கேட்கலாம். பெரும்பாலும் அவரே இன்னும் இரண்டைச் சேர்ப்பார்.

இதே வேலையை ஒரு வெள்ளைத் தாள் கட்டுக்கோ ஒரு பந்து பேனாவுக்கோ செய்து பாருங்கள். ஒரு கேள்வியோ இரண்டு கேள்விகளோதான் தேறும். அங்கே நீண்ட உரை எழுத உட்கார்ந்தால், சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் பெயரடைகளால் பக்கத்தை நிரப்புவீர்கள். நீண்ட உரைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது இந்த நிரப்பல்தான்.

நான்காம் படி: ஒவ்வொரு கேள்விக்கும் உண்மையைக் கொண்டு பதில் எழுதுங்கள்

டேவிட் ஓகில்வி என்ற புகழ்பெற்ற காப்பிரைட்டர் 1958-இல் ரோல்ஸ்-ராய்ஸ் காருக்கு எழுதிய விளம்பரம், 600-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. மணிக்கு 60 மைல் வேகத்தில் இந்தக் காருக்குள் கேட்கும் மிகப் பெரிய சத்தம் மின்கடிகாரத்தினுடையது என்பது அதன் தலைப்பு. அந்த வரியை அவர் கற்பனையில் உருவாக்கவில்லை. ஒரு மோட்டார் இதழின் தொழில்நுட்ப ஆசிரியர் எழுதியிருந்ததிலிருந்து எடுத்தார். காரைப் பற்றி மூன்று வாரங்கள் படித்த பிறகே எழுதியதாக அவர் சொல்லியிருக்கிறார். தலைப்புக்குக் கீழே எண்ணிட்ட தகவல்கள் வரிசையாக வருகின்றன. 'அமைதியான கார்' என்று எழுதியிருந்தால் மூன்று சொற்களுக்குள் முடிந்திருக்கும், ஆனால் ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

நம் நாற்காலியின் முதல் கேள்விக்குத் திரும்புவோம். 'எல்லா உயரத்தினருக்கும் ஏற்றது' என்பது பதில் ஆகாது. படிப்பவர் தன் உடலை அந்த நாற்காலியில் வைத்துப் பார்க்கும்படி எழுத வேண்டும். இருக்கையின் உயரம் 42 செ.மீ. முதல் 52 செ.மீ. வரை மாறக்கூடியது என்று வைத்துக்கொண்டால், உரை இப்படி அமையலாம்:

"பாதங்கள் தரையில் முழுமையாகப் பதியும்படி ஒரு திடமான பலகையில் அமர்ந்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து பாருங்கள். வேலை நேரத்தில் காலணி அணிபவரானால் காலணியோடு அளவெடுங்கள். அளவு 42 செ.மீ.-க்கும் 52 செ.மீ.-க்கும் இடையில் இருந்தால் இந்த நாற்காலி உங்களுக்குப் பொருந்தும். 42-க்குக் குறைவாக இருந்தால் உங்கள் பாதம் தரையில் சரியாகப் பதியாது. பாதப் பலகை இல்லாமல் இதை வாங்க வேண்டாம். உட்கார்ந்த பிறகு, இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல்கள் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தி அந்த இடைவெளியைச் சரிசெய்துகொள்ளலாம்."

இந்தப் பத்தியில் 'வாங்க வேண்டாம்' என்று ஒரு வரி இருப்பதைக் கவனியுங்கள். விற்பனைக்கு எழுதும் உரையில் இப்படி எழுதலாமா என்று புதியவர்கள் பதறுவார்கள். பொருந்தாதவரை முன்கூட்டியே அனுப்பிவிடுவதால், திரும்பி வரும் பெட்டிகள் குறைகின்றன. பொருந்துபவருக்கோ, இவர்கள் எதையும் மறைக்கவில்லை என்ற நம்பிக்கை வருகிறது. அடுத்த ஆறு பதில்களையும் அவர் அந்த நம்பிக்கையோடு படிக்கிறார்.

முதுகுவலிக் கேள்விக்கு எழுதும்போது இதைவிடக் கவனம் தேவை. நாற்காலி நோயைத் தீர்க்கும் என்று எழுதக் கூடாது; அது உண்மையாகவும் இருக்காது, பல நாடுகளில் சட்டச் சிக்கலையும் கொண்டுவரும். நாற்காலியில் எதையெதை மாற்றியமைக்கலாம், இடுப்புத் தாங்கியை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று சொல்லி, வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று நேராக எழுதிவிடுங்கள்.

விலைக் கேள்வியைப் பலரும் கடைசியில் ஒளித்து வைப்பார்கள். நான் அதை நடுவில் வைக்கச் சொல்வேன். அளவு பொருந்துகிறது என்று தெரிந்தவுடன் படிப்பவரின் மனம் விலைக்குத்தான் போகும். அந்த இடத்திலேயே, கூடுதல் பணம் எந்தப் பாகங்களுக்குப் போகிறது, அவற்றுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று சொன்னால், மீதியை அவர் அமைதியாகப் படிப்பார்.

ஐந்தாம் படி: மேலோட்டமாகப் பார்ப்பவருக்கும் வழி விடுங்கள்

நீண்ட உரையை எல்லோரும் முதலிலிருந்து கடைசி வரை படிப்பதில்லை. திரையில் படிப்பவர்களில் பெரும்பாலோர் கண்ணை ஓட்டிவிட்டு, தங்களுக்கு வேண்டிய இடத்தில் மட்டும் நிற்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு பதிலுக்கும் அந்தக் கேள்வியையே துணைத்தலைப்பாக வையுங்கள். துணைத்தலைப்புகளை மட்டும் படித்தாலும் பொருள் விளங்க வேண்டும். உயரத்தைப் பற்றி மட்டும் ஐயம் உள்ளவர் அதைப் படித்துவிட்டு உடனே வாங்கலாம் என்பதற்காக, வாங்கும் பொத்தானை மேலும் நடுவிலும் கீழும் வைத்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் வெட்டும் வேலை. ஒவ்வொரு வாக்கியத்தையும் கையால் மூடிவிட்டு, இது இல்லாமல் போனால் ஏழு கேள்விகளில் எது பதிலின்றி நிற்கும் என்று கேளுங்கள். எதுவும் நிற்காது என்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடலாம். இந்தச் சோதனையில் முதலில் விழுவது பெரும்பாலும் தொடக்கப் பத்திதான்.

நீண்ட உரை தோற்கும் இடங்கள்

நீண்ட உரையை நான் விரும்புகிறேன் என்றாலும், அது தோற்கும் இடங்களைத் தெரிந்துகொள்ளாமல் எழுதுவது ஆபத்து. ஓடும் வாகனத்திலிருந்து பார்க்கப்படும் விளம்பரப் பலகைக்கு ஆறேழு சொற்களே எல்லை. அந்த நேரத்திற்குள் கண்ணால் அதற்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது. பழக்கத்தால் வாங்கும் பொருள்களுக்கு, வாங்குபவர் யோசிக்கத் தொடங்குவதே விற்பவருக்கு நல்லதல்ல. உங்கள் பொருளுக்கும் போட்டிப் பொருளுக்கும் உண்மையிலேயே வேறுபாடு இல்லை என்றால், நீண்ட உரை அந்த இன்மையைத்தான் வெளிச்சம் போட்டுக் காட்டும். அங்கே பெயரும் படமும் நினைவில் நிற்கும் ஒரு வரியும் அதிகம் உதவும். விலைக் குறைப்பை மட்டும் அறிவிக்கும் விளம்பரத்திற்கும் விளக்கம் வேண்டியதில்லை.

இன்னொரு நிலையும் உண்டு. நீங்கள் கேட்கும் செயல் மிகச் சிறியது என்றால் உரையும் சிறியதாக இருக்கலாம். 'இலவசக் கையேட்டைப் பெறுங்கள்' என்பதற்கு இரண்டு வரிகள் போதும், நீண்ட உரை கையேட்டுக்குள் இருக்கட்டும். ஆனால் இதற்கு ஒரு புகழ்பெற்ற மறுப்பும் இருக்கிறது. 1948-இல் மெரில் லிஞ்ச் என்ற பங்குத்தரகு நிறுவனத்துக்காக லூயிஸ் எங்கல் எழுதிய விளம்பரம், நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஒரு முழுப் பக்கத்தில் 6,000-க்கும் மேற்பட்ட சொற்களோடு வெளிவந்தது. பங்கு என்றால் என்ன, கடன் பத்திரம் என்றால் என்ன என்று அது பொறுமையாக விளக்கியது. வெட்டி அனுப்பக் கூப்பன்கூட இல்லாத அந்த விளம்பரத்திற்கு 10,000 பேர் பதில் எழுதினார்கள் என்று ஓகில்வி பதிவு செய்திருக்கிறார். கேட்ட செயல் சிறியதுதான்; ஆனால் படித்தவர்களுக்குப் பங்குச் சந்தையைப் பற்றி அடிப்படைக் கேள்விகள் நிறைய இருந்தன, அவற்றைத் தரகரிடம் நேரில் கேட்கக் கூச்சமும் இருந்தது. கேள்விகளை எண்ணும் முறை இங்கேயும் பொருந்துகிறது.

முழக்க வரியின் வெற்றியாகச் சொல்லப்படும் சில விளம்பரங்களையும் ஒருமுறை முழுதாகப் பாருங்கள். 1959-இல் வெளிவந்த வோக்ஸ்வாகனின் 'திங்க் ஸ்மால்' விளம்பரத்தின் இரண்டு சொற்கள் மட்டுமே இன்று நினைவுகூரப்படுகின்றன. ஆனால் அந்தப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் எரிபொருள், பராமரிப்பு, வண்டி நிறுத்தும் இடம் என்று வாங்குபவரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பத்திகள் இருந்தன.

ஆறாம் படி: சோதித்துப் பாருங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள்

பழைய பக்கத்தையும் புதிய நீண்ட பக்கத்தையும் ஒரே காலத்தில், வருபவர்களைத் தற்செயலாக இரண்டாகப் பிரித்துக் காட்டுவதே ஏ/பி சோதனை. முதல் வாரம் ஒன்றும் அடுத்த வாரம் இன்னொன்றும் காட்டினால், வேறுபாடு உரையால் வந்ததா வாரத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. படம், விலை, பொத்தானின் நிறம் ஆகியவற்றை இரண்டிலும் ஒன்றாகவே வையுங்கள்.

எத்தனை பேருக்குக் காட்ட வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். தோராயமாகக் கணக்கிட ஒரு எளிய சூத்திரம் உண்டு:

```
n = 16 × p × (1 − p) ÷ d²
```

இதில் n என்பது ஒவ்வொரு பக்கத்திற்கும் தேவையான பார்வையாளர் எண்ணிக்கை, p என்பது இரண்டு பக்கங்களின் வாங்கும் விகிதங்களின் சராசரி, d என்பது நீங்கள் கண்டறிய விரும்பும் வேறுபாடு. நம் நாற்காலிப் பக்கத்தில் 2% பேர் வாங்குகிறார்கள். நீண்ட உரை அதை 2.6% ஆக்கும் என்று எதிர்பார்க்கிறோம் என்றால், p 0.023, d 0.006. கணக்கிட்டால் ஒவ்வொரு பக்கத்திற்கும் ஏறத்தாழ 10,000 பேர் தேவை. ஒவ்வொரு பக்கத்தையும் 500 பேரிடம் மட்டும் காட்டிவிட்டு, ஒன்றில் பத்துப் பேர், மற்றொன்றில் பதிமூன்று பேர் வாங்கினார்கள் என்பதைக் கொண்டு நீண்ட உரை வென்றது என்று அறிவிப்பது வெறும் தற்செயலை நம்புவதாகும்.

அவ்வளவு பார்வையாளர்கள் வராத சிறிய விற்பனையாளர் என்ன செய்வது? வேறு அடையாளங்களைப் பார்க்கலாம். பெரும்பாலோர் முதல் திரையைத் தாண்டவே இல்லை என்றால், உரையின் நீளத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. கோளாறு தலைப்பில் இருக்கிறது. கடைசி வரை வந்தும் வாங்கவில்லை என்றால், உங்கள் பட்டியலில் இல்லாத எட்டாவது கேள்வி ஒன்று இருக்கிறது. வாங்காமல் போன நான்கைந்து பேரிடம் கேட்டால் அது தெரிந்துவிடும். பக்கத்தில் பதில் இருந்தும் வாடிக்கையாளர்கள் அதே கேள்வியைக் கடிதத்தில் கேட்டால், பதில் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது, அல்லது துணைத்தலைப்பு தெளிவாக இல்லை.

சோதனையின் முடிவைப் பார்க்கும்போது வாங்கியவர்களின் எண்ணிக்கையோடு நிறுத்திவிடாமல், திருப்பி அனுப்பும் 30 நாள் கெடு முடியும் வரை காத்திருந்து, நிலைத்து நின்ற விற்பனையை எண்ணுங்கள். இரண்டு பக்கங்களிலும் ஒரே அளவு விற்பனை நடந்திருந்தாலும், நீண்ட பக்கத்தின் வழியாக வாங்கியவர்கள் குறைவாகத் திருப்பி அனுப்பியிருந்தால் அதுவே வென்ற பக்கம்.

ஏழாம் படி: முழக்க வரியை நீண்ட உரையிலிருந்து எடுங்கள்

நீண்ட உரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு, நினைவூட்டும் விளம்பரங்களுக்கு ஒரு குறுகிய வரி தேவைப்படும். பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு மறுபடி காட்டப்படும் சிறிய விளம்பரத்தில் ஏழு பதில்களையும் வைக்க இடம் இருக்காது. இந்த வரியைத் தனியாக உட்கார்ந்து கற்பனை செய்வதைவிட, வாங்கியவர்கள் எழுதிய மதிப்புரைகளில் உங்கள் உரையின் எந்தத் தகவல் திரும்பத் திரும்ப வருகிறது என்று தேடுங்கள். நம் எடுத்துக்காட்டில், 'அளந்து பார்த்துத்தான் வாங்கினேன்' என்ற பேச்சு அடிக்கடி வருவதாக வைத்துக்கொள்வோம். அப்போது 'நாள் முழுவதும் சுகம்' என்ற பழைய வரியை எடுத்துவிட்டு, 'உங்கள் முழங்கால் உயரத்தை அளந்து வாங்கும் நாற்காலி' என்று எழுதலாம்.

இந்த வரி, பக்கத்தை ஒருமுறையாவது பார்த்தவருக்கு அந்த முழுப் பத்தியையும் நினைவுபடுத்தும். பார்க்காதவருக்கு அது ஓர் ஆர்வத்தை மட்டுமே தரும் என்பதால், அவரிடம் இந்த வரியைக் காட்டும்போது அதை அழுத்தினால் நேராகப் பணம் செலுத்தும் இடத்திற்கு அனுப்பாமல், அளவெடுக்கும் பத்தி இருக்கும் இடத்திற்கே அனுப்புங்கள்.